முதல் பொசிட்டிவே முடிவா?

கிளினிக்கில் முதல் எச்.ஐ.வி பரிசோதனை பொசிட்டிவ் என்று கசிந்தால் போதும், அந்தத் தாயின் வாழ்க்கையையே ஊர் பேசி முடித்துவிடும். நாம் கணக்கைத் தலைகீழாகப் படிக்கிறோம்.

இலங்கையில் இத்தொற்று மிகக் குறைவு. 10,000 கர்ப்பிணிகளில் 2 பேருக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்த இருவரையும் பிடிக்கும். தொற்றில்லாத 9,998 பேரில் 0.5 சதவீதத்தினரை, அதாவது சுமார் 50 பேரைத் தவறாகவும் காட்டும் என்போம். இரு வழியையும் கூட்டினால் பொசிட்டிவ் 52. அதில் உண்மை 2 மட்டும். ஏறத்தாழ 4 சதவீதம்.

'தொற்றிருந்தால் பொசிட்டிவ்' 100 சதவீதம். 'பொசிட்டிவ் என்றால் தொற்று' 4 சதவீதம். இரண்டும் ஒன்றா? அதனால்தான் உறுதிப்படுத்தும் பரிசோதனை வைக்கிறார்கள். அவளை அதற்கு நிம்மதியாகப் போகவிடுவோம். அதுவரை மட்டுமல்ல, அதன் பிறகும் வாயைக் காப்போம்.