போட்டோ கொப்பிக் கடையில் விற்கும் ஷோர்ட் நோட் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் ஊரில் ஒரு வியாபாரம் சூடுபிடிக்கும். போட்டோ கொப்பிக் கடை வாசலில் இரண்டு பக்கத் தாள்கள் அடுக்கி வைத்திருப்பார்கள். "முழு அலகும் இரண்டே பக்கத்தில்" என்று மேலே எழுதியிருக்கும். முக்கிய சொற்களெல்லாம் தடித்த எழுத்தில், சிலதில் மஞ்சள் நிறமும் பூசியிருக்கும். வாப்பாமார் வேலை விட்டு வரும் வழியில் வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளையின் கையில் கொடுக்கிறார்கள். பிள்ளையும் அதைப் பைலில் போட்டு வைத்துவிட்டுப் படித்து முடித்த மாதிரி நிம்மதியாகத் தூங்குகிறது.

வகுப்பில் நிற்கும் நாங்கள் இதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். சுருக்கக் குறிப்பு நல்ல விடயம். காசு கொடுத்து வாங்கும் சுருக்கக் குறிப்புத்தான் பிரச்சினை. ஒரு அலகைச் சுருக்கும்போது எதை விடலாம், எதை விடக்கூடாது, எது எதனோடு சேரும் என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. படிப்பு நடப்பது அந்தத் தீர்மானத்தில். வாங்கிய தாளில் அந்த வேலையை வேறொருவர் செய்து முடித்துவிட்டார். படித்தவர் அவர்.

பதினோராம் தர விஞ்ஞானத்தில் மனித உடலின் உயிரியற் செயன்முறைகள் பற்றிய அலகை எடுத்துக்கொள்வோம். சமிபாடு, சுவாசம், கழிவகற்றல், குருதிச் சுற்றோட்டம், இயைபாக்கம் என்று நீண்டுகொண்டே போகும் அலகு அது. பிள்ளைகள் பயப்படுவதும் கடைத்தாள் அதிகம் விலைபோவதும் இந்த அலகுக்குத்தான். இதில் குருதிச் சுற்றோட்டத்தை மட்டும் பார்ப்போம்.

கடைத்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் வரி ஒன்று உண்டு: நாடி என்றால் ஒட்சிசன் நிறைந்த குருதி, நாளம் என்றால் ஒட்சிசன் குறைந்த குருதி. இரண்டு சொல்லுக்கும் மஞ்சள் பூசியிருக்கும். மனப்பாடம் செய்வதற்கு அழகான வரிதான், ஆனால் பிழை. நுரையீரல் நாடி கொண்டு போவது ஒட்சிசன் குறைந்த குருதியை. நுரையீரல் நாளம் கொண்டு வருவது ஒட்சிசன் நிறைந்த குருதியை. நாடி என்பது இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டு போகும் குழாய், நாளம் என்பது இதயத்துக்குக் குருதியைக் கொண்டு வரும் குழாய். திசையை வைத்துத்தான் அந்தப் பெயர். இடம் போதாது என்று யாரோ திசையை வெட்டிவிட்டு, பெரும்பாலும் சரியாக வருகிற ஒட்சிசனை வைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வெட்டு, நுரையீரல் நாடி பற்றிக் கேட்கும் கேள்வியில் பிள்ளையைக் கவிழ்த்துவிடும். தன் கையால் சுருக்கிய பிள்ளை நுரையீரல் நாடி இருக்கும் பக்கத்தைக் கடந்துதான் வர வேண்டும். "இது பொருந்தவில்லையே" என்று அங்கே ஒரு நிமிடமாவது நிற்கும். வாங்கிய பிள்ளைக்கு அந்த நிமிடம் கிடைப்பதில்லை.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. சில தாள்கள் தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்து எழுதப்பட்டவை. அவற்றில் தமனி, சிரை, ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் என்று இருக்கும். நம் பாடநூலில் உள்ளவை நாடி, நாளம், சோணை, இதயவறை. தமனியும் நாடியும் ஒன்றுதான் என்று தெரியாத பிள்ளை இரண்டையும் வெவ்வேறு குழாய்கள் என்று நினைத்துப் படிக்கிறது. அந்தச் சொற்கள் அங்கே சரியான சொற்கள்தான். இங்கே வினாத்தாள் அந்தச் சொற்களில் வராது, அவ்வளவுதான்.

சரி, பிள்ளை தானே சுருக்குவது எப்படி? முதல் நாளே பேனாவைக் கையில் எடுக்கக் கூடாது. சுற்றோட்டப் பகுதியை ஒரு தடவை முழுதாக வாசிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் நினைவில் உள்ளதை எழுத வேண்டும். கோணல் மாணலாக வரும், பாதி வராது, பரவாயில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையால் சேர்க்க வேண்டும். அந்த வேறு நிறத்தில் இருப்பதுதான் அந்தப் பிள்ளையின் சுருக்கக் குறிப்புக்குத் தேவையான பொருள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது வேறாக இருக்கும். எல்லாருக்கும் ஒரே தாள் பொருந்தாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

அடுத்த நாள்தான் இரண்டு பக்கத் தாள். ஐந்து தொகுதிகளுக்கு இரண்டு பக்கம் என்றால் சுற்றோட்டத்துக்கு அரைப் பக்கம்கூட வராது. அந்த இடத்தில் வசனமாக எழுதினால் தோற்றுவிடுவோம். நான்கு பெட்டி கீறச் சொல்லுங்கள். மேலே இரண்டு சோணைகள், கீழே இரண்டு இதயவறைகள். உடலிலிருந்து பெருநாளங்கள் வழியாக வலது சோணைக்கு ஒரு அம்புக்குறி, அங்கிருந்து முக்கூர் வால்வு வழியாக வலது இதயவறைக்கு, பிறகு நுரையீரல் நாடி வழியாக நுரையீரலுக்கு. நுரையீரல் நாளம் வழியாக இடது சோணைக்குத் திரும்பி, இருகூர் வால்வு வழியாக இடது இதயவறைக்கு வந்து, தொகுதிப் பெருநாடி வழியாக உடலுக்கு. பாடநூலின் பல பந்திகள் ஒரு சுற்றுக்குள் வந்துவிட்டன. உடலை ஒரு தடவை சுற்றி வர, குருதி இதயத்தை இரண்டு தடவை கடக்கிறது என்பதும் அந்தப் படத்திலேயே தெரியும். இரட்டைச் சுற்றோட்டத்துக்குத் தனியாக வரைவிலக்கணம் பாடமாக்கத் தேவையில்லை, விரலை வைத்துப் போனாலே வரும்.

படத்துக்குக் கீழே இரண்டு மூன்று "ஏன்" மட்டும் எழுதினால் போதும். இடது இதயவறையின் சுவர் வலதை விடத் தடிப்பு, ஏனென்றால் அது உடல் முழுவதற்கும் குருதியைத் தள்ள வேண்டும், வலது இதயவறை நுரையீரல் வரை தள்ளினால் போதும். கடைத்தாளில் "இடது இதயவறைச் சுவர் தடிப்பானது" என்று மட்டும் இருக்கும். இடத்தை மிச்சப்படுத்தக் காரணத்தை வெட்டிவிடுவார்கள். ஆனால் கட்டமைப்பு வினாவில் "காரணம் தருக" என்று கேட்டால் புள்ளி அந்த "ஏனென்றால்" என்ற பகுதிக்குத்தான். இதயம் அடிக்கும் "லப்", "டப்" ஒலியும் அப்படித்தான். முதல் ஒலி சோணைக்கும் இதயவறைக்கும் இடையிலான வால்வுகள் மூடும்போது, இரண்டாவது அரைமதி வால்வுகள் மூடும்போது. படத்தில் அந்த வால்வுகள் இருக்கும் இடத்திலேயே 1, 2 என்று இலக்கம் போட்டுவிட்டால் வேறு எழுத வேண்டியதில்லை.

செயற்பாடுகளை வெட்டிவிடாதீர்கள். கடைத்தாளில் முதலில் பறிபோவது அவைதான். வெளிச்சுவாச வளியைச் சுண்ணாம்பு நீரினுள் செலுத்தினால் அது பால் நிறமாகும். என்ன செய்தோம், என்ன மாறியது, ஏன் மாறியது என்று ஒரு வரி, அது போதும்.

இனி அந்த மஞ்சள் பேனா. பாடநூலில் புதிய சொற்களைத் தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பிள்ளை அதே சொற்களுக்கு மேல் மஞ்சள் பூசுகிறது. இதில் பிள்ளை எதையும் யோசிக்கவில்லை. பக்கம் முழுவதும் மஞ்சளானால் ஒன்றும் பூசாததும் ஒன்றுதான். 2013 இல் அமெரிக்க உளவியலாளர் ஜோன் டன்லொஸ்கியும் அவரோடு சேர்ந்தவர்களும் பத்துப் படிப்பு முறைகளை ஒப்பிட்டு எழுதினார்கள். நிறம் பூசுவதும் சுருக்கி எழுதுவதும் குறைந்த பயன் உள்ளவற்றில் வந்தன. தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பார்ப்பதும் நாட்களைப் பிரித்துப் படிப்பதும் அதிக பயன் உள்ளவை என்று முடிவு செய்தார்கள். அப்படியானால் சுருக்கக் குறிப்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். சுருக்குவதற்குப் பழகாத பிள்ளைக்கு அதில் பயன் குறைவு என்பதும் அவர்கள் சொன்னதுதான். அதனால்தான் மூடி வைத்து எழுதுவதையும் அடுத்த நாளுக்குத் தள்ளுவதையும் இதற்குள் சேர்த்தோம்.

நிறம் கடைசியில்தான் வர வேண்டும். குறிப்பு எழுதி இரண்டு மூன்று நாளுக்குப் பிறகு, அதைப் பார்க்காமல் மறுபடி சொல்லிப் பார்க்கட்டும். எங்கே தடுக்கியதோ அங்கே மட்டும் மஞ்சள். நாடிக்கான வரைவிலக்கணத்தில் "நாடி" என்ற சொல்லுக்கு மஞ்சள் தேவையில்லை, அது கேள்வியிலேயே இருக்கும். பூச வேண்டியது "இதயத்திலிருந்து வெளியே" என்பதற்கு. அதை அழித்தால் வரி பிழையாகிவிடும். எந்தச் சொல்லை அழித்தால் வரி பிழையாகுமோ அதுதான் அந்த வரியின் முக்கிய சொல்.

"எங்களுக்கு விஞ்ஞானம் தெரியாது சேர், நாங்கள் எப்படிப் பார்ப்பது?" என்று உம்மாமார் கேட்கிறார்கள். தெரியத் தேவையில்லை. மஃரிபுக்குப் பிறகு பிள்ளையின் தாளை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் பூசிய ஒரு சொல்லைச் சொல்லி, "இதைப் பற்றி மூன்று வசனம் சொல்லு" என்று கேளுங்கள். வெற்றுத் தாளொன்றைக் கொடுத்து நான்கு பெட்டியையும் கீறச் சொல்லி, கையிலுள்ள படத்தோடு ஒப்பிடுங்கள். அம்புக்குறி மாறியிருந்தால் யாருக்கும் தெரியும். பிள்ளை தானே எழுதியதா, இன்னொருவரின் தாளைப் பார்த்து எழுதியதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். பார்த்து எழுதியவருக்குச் சொல் வரும், அடுத்த வசனம் வராது.

"நேரம் இல்லை" என்பது அடுத்த முறைப்பாடு. ஒரு தொகுதிக்கு ஒரு மாலை என்றால் இந்த அலகுக்கு ஐந்து மாலைகள். கடைத்தாளை வாங்கி, விளங்காமல், பரீட்சைக்கு முதல் இரவு பாடநூலை முதலிலிருந்து புரட்டும் பிள்ளைக்கு அதைவிடக் கூடத்தான் போகிறது. மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்காவது கடைத்தாள் வேண்டும் என்று சிலர் வாதாடுகிறார்கள். முழுப் பந்தியே விளங்காத பிள்ளைக்கு, அந்தப் பந்தியின் எலும்பை மட்டும் கொடுத்தால் விளங்குமா? அந்தப் பிள்ளைக்குப் பாதி வரைந்த படத்தைக் கொடுங்கள், பெட்டிகளும் அம்புக்குறிகளும் இருக்கட்டும், பெயர்களை அது எழுதட்டும்.

அந்தக் கடையில் காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் கடந்தகால வினாத்தாள்களை வாங்குங்கள். பிள்ளை எழுதிய இரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்து, சுற்றோட்டம் பற்றிய வினாக்களை மட்டும் எடுத்துச் செய்யச் சொல்லுங்கள். தாளில் இல்லாத ஒன்று வினாவில் வந்தால், தாளின் ஓரத்தில் அதற்கென்று விட்ட இடத்தில் பிள்ளையே அதை எழுதிக்கொள்ளட்டும்.