நான்காம் இரவிலிருந்து

டிஸ்சார்ஜ் சீட்டில் தையலைப் பற்றி எழுதுகிறோம், மருந்தை எழுதுகிறோம், மறுபடி வர வேண்டிய தேதியை எழுதுகிறோம். தூக்கத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. ஆனால் வீட்டுக்குப் போன நாலைந்து நாளில் தாய் போன் செய்து கேட்பது பெரும்பாலும் தையலைப் பற்றியல்ல. "ராத்திரி தூங்கவே மாட்டேங்குறான் டாக்டர்" என்பதுதான். தீவுகளில் வேலை செய்யும் நமக்கு அந்த ஒரு வரி இன்னும் அவசியம். ஹட்பேயிலோ கேம்ப்பெல்பேயிலோ இருக்கும் குடும்பம் இதற்காக மறுபடி கப்பல் ஏறி ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வர முடியாது.

தாய் சொல்வது மிகையுமல்ல. ஜீவ் கெய்னும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை முடிந்து இரண்டு வாரத்தில் 54 சதவீதக் குழந்தைகளிடம் ஏதோ ஒரு நடத்தை மாற்றம் இருந்தது. ஆறு மாதத்தில் அது 20 சதவீதமாகக் குறைந்தது. இந்த மாற்றங்களில் இரவில் விழித்து அழுவதும் தாயை விட்டுப் பிரிய மறுப்பதும் நமக்கெல்லாம் பழக்கமானவை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே அடங்கிவிடும். அடங்காமல் நீளும் வீடுகளில் பெரும்பாலும் வலி, பயம், பழக்கம் என்ற மூன்றும் ஒன்றாகக் குழம்பியிருக்கும்.

இவற்றைப் பிரித்துப் பார்க்க அதிக நேரம் ஆகாது. வலியில் விழிக்கும் குழந்தை தூக்கினாலும் அமைதியாகாது. காலை மடக்கிக்கொள்ளும், புரட்டினால் வீறிடும், கடைசியாகக் கொடுத்த மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் எழும். பழக்கத்தில் விழிப்பது தூக்கிய நொடியில் அடங்கி, கீழே விட்டதும் மறுபடி தொடங்கும். பயந்த குழந்தையைப் பகலிலேயே கண்டுபிடித்துவிடலாம். தாய் குளிக்கப் போனால் கதவைத் தட்டி அழும், வெள்ளைச் சட்டைக்காரரைக் கண்டால் முகத்தை மறைத்துக்கொள்ளும். ஆகவே போனில் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை முறை எழுந்தான்" என்பதல்ல. "தூக்கினால் என்ன ஆகிறது" என்பதுதான்.

நம் வார்டுகளில் அடிக்கடி பார்க்கும் வகைக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஹட்பேயிலிருந்து வந்த இரண்டு வயதுப் பையன், எடை 11 கிலோ, குடலிறக்க அறுவை. அதற்கு முன் அம்மா பக்கத்தில் பாயில் படுத்து இரவு 7.30க்குத் தூங்கி, காலை 5.30க்கு எழுந்து, மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கியவன். மொத்தம் பதினொன்றரை மணி நேரம். ஒன்று முதல் இரண்டு வயது வரை தேவைப்படும் 11 முதல் 14 மணி நேரத்துக்குள் அது வருகிறது. வார்டில் மூன்று இரவு இருந்தான். இரவெல்லாம் ட்யூப் லைட் எரிந்தது, நள்ளிரவில் ஊசி, விடியுமுன் டெம்பரேச்சர். அழுதபோதெல்லாம் அப்பா தோளில் போட்டு வராந்தாவில் நடந்தார், கையில் போனும் கொடுத்தார். அதில் தவறொன்றுமில்லை. அந்த மூன்று இரவும் அப்படித்தான் கழிய வேண்டும்.

வீடு வந்த பிறகும் முதல் மூன்று இரவுகளில் பழக்கத்தைத் திருத்தப் போகக் கூடாது. வலியை மட்டும் கவனித்தால் போதும். பாரசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அதாவது இவனுக்கு 165 மில்லிகிராம், ஆறு மணிக்கொருமுறை, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். படுக்கப் போகுமுன் ஒரு வேளை அமையும்படி நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் இது 3.3 மில்லி, 125 உள்ளதில் 6.6 மில்லி. பாட்டில் மாறினால் அளவு பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும். சீட்டில் மில்லிகிராமை மட்டும் எழுதிவிட்டால் போதாது. எந்தப் பாட்டில், எத்தனை மில்லி என்று எழுதி, தாயின் கையில் இருக்கும் சிரிஞ்சிலேயே கோட்டைக் காட்டி அனுப்பவேண்டும்.

இதே இடத்தில் "தூங்க ஏதாவது கொடுங்க" என்ற வேண்டுகோள் வரும். ப்ரோமெதசின் போன்ற மயக்கம் தரும் சிரப்புகளை எழுதித்தரும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது மூச்சையே அடக்கக்கூடும் என்பதால் கூடவே கூடாது. அடினாய்டு எடுத்த குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

நான்காம் நாள் போன் செய்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி இல்லை, ஓடி விளையாடுகிறான். ஆனால் இரவு 10.30 வரை விழித்திருக்கிறான், மூன்று முறை எழுந்து தோளில் ஏறுகிறான், காலை 8 வரை தூங்குகிறான், மாலை 4க்குப் படுத்து 5.30க்கு எழுகிறான். இது பழக்கம். பழையபடி 7.30க்கே படுக்கவைத்தால் மூன்று மணி நேரம் போராட்டமாகவே முடியும். அவன் உண்மையில் தூங்கும் 10.30க்கே படுக்கவைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் கொண்டுவர வேண்டும். எழுப்பும் நேரமும் அதேபோல 8லிருந்து 7.30, பிறகு 7 என இறங்க வேண்டும். மாலைத் தூக்கத்தை மட்டும் உடனே மதியத்துக்கு மாற்றிவிடலாம், 2.30க்கு மேல் தூங்கவிட வேண்டாம். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடுவான்.

இந்த வேலையில் நமக்குத் துணையாகவும் எதிராகவும் இருப்பது வெளிச்சம். நாடு முழுக்க ஒரே கடிகாரம்தான், ஆனால் சூரியன் இங்கே முன்னதாக வந்துவிடுகிறது. ஸ்ரீ விஜயபுரத்தில் ஜூன் மாதம் 5 மணிக்குச் சற்று முன்பே உதயம், சென்னையிலோ அது முக்கால் மணி நேரம் பிந்தி. நவம்பர் கடைசியில் மாலை 5க்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகவே புத்தகத்தில் எழுதியிருக்கும் காலை 7 மணியை இங்கே அப்படியே சொல்லக் கூடாது. எழுப்ப வேண்டிய நேரம் வரும்வரை ஜன்னலில் தடிப்பான போர்வையைக் கட்டச் சொல்லுங்கள். நேரம் வந்ததும் போர்வையை விலக்கி, குழந்தையை அரை மணி நேரம் வெளியே முற்றத்தில் விடச் சொல்லுங்கள். படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ட்யூப் லைட்டும் போனும் அணைந்துவிட வேண்டும். மருந்தில்லாமல் உடலின் கடிகாரத்தை நகர்த்த இதைவிட நல்ல கருவி நம் கையில் இல்லை.

தோள் பழக்கத்தை ஒரே இரவில் பிடுங்கக் கூடாது. அழவிட்டுவிட்டு வெளியே போகும் முறைகள், ஊசியும் மாஸ்க்கும் பார்த்துவந்த பயந்த குழந்தைக்கு ஏற்றவையல்ல என்பது என் கருத்து. முதல் இரண்டு இரவு தூக்காமல் பாயிலேயே பக்கத்தில் படுத்து, முதுகில் கைவைத்துத் தட்டிக்கொடுக்கலாம். அடுத்த இரண்டு இரவு கையை மட்டும் வைத்திருக்கலாம், தட்ட வேண்டாம். பிறகு கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் படுத்திருந்தால் போதும், முன்பும் அவன் அப்படித்தான் தூங்கினான். நடு இரவில் எழுந்தாலும் அன்றைய படிதான். இங்கே கெடுவது பெரும்பாலும் பாட்டியிடம்தான். "பிள்ளை அறுத்துக்கிட்டு வந்திருக்கு, அழவிடாதீங்க" என்று அவர் தோளில் போட்டுக்கொள்வார். அது அன்பு. ஆனால் மூன்று முறை அழுதும் பலிக்காமல் நான்காம் முறை பலித்தால், நான்கு முறை அழ வேண்டும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். அதனால் டிஸ்சார்ஜ் அன்று தாயிடம் மட்டும் பேசி அனுப்பாமல், இரவில் எழப்போகிறவர் எவரோ அவரிடம் பேசுங்கள். அவர் ஊரில் இருந்தால் போனிலாவது.

காத்திருக்கக் கூடாத சில நிலைமைகள் உண்டு. காய்ச்சல், தையல் சிவந்து வீங்குவது, தொடர் வாந்தி, தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது ஆகியவற்றைத் தூக்கப் பிரச்சினையென்று தள்ளிவைக்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றே காட்ட வேண்டும். படுத்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கண் திறந்தபடி அலறி, யாரையும் அடையாளம் தெரியாமல், காலையில் நினைவும் இல்லாத குழந்தையை எழுப்ப வேண்டியதில்லை. விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் தானாக அடங்கும். நான்கு வாரமாகியும் இரவு சீராகாத குழந்தையையும், பகலிலும் பயம் குறையாத குழந்தையையும் நேரில் பார்க்க வேண்டும்.

அடுத்த மாதத்திலிருந்து சீட்டின் கடைசியில் மூன்று விஷயம் எழுதிப் பார்ப்போம்: முன்பு எத்தனை மணிக்குத் தூங்கினான், எந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி, நான்காம் நாள் யார் யாருக்குப் போன் செய்வது. மூன்றாவதை வார்டு சிஸ்டரின் பதிவேட்டில் பெயரோடு எழுதினால்தான் அது நடக்கும்.