என்ன மீன் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லாதீர்கள்



நம் பழைய மாணவர்கள் சிலர் குடும்பத்தோடு பிச்சாவரம் போகப் போகிறார்களாம். அதற்கு ஒரு பயணத் திட்டம் தயாராகி, வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. 9.15க்குப் படகு, 10.45க்கு மீனவர் கிராமம், 1 மணிக்கு வஞ்சிரம் வறுவலோடு சாப்பாடு, 2.30க்கு அடுத்த இடம் என்று நேர்த்தியாகக் கட்டம் போட்டிருந்தார்கள். பரீட்சை கால அட்டவணை போட்டே பழகியவன் நான். அதனால் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். கடற்கரை ஊருக்குப் போகும்போது முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாத விஷயம் ஒன்று உண்டென்றால், அது மதியச் சாப்பாட்டில் என்ன மீன் என்பதுதான்.

காரணம் எளிது. ஒரு வாரம் முன்பே போன் செய்து 'பதினைந்து பேருக்கு வஞ்சிரம்' என்று சொல்லிவிட்டால், கடைக்காரர் வாக்குத் தவற மாட்டார். அன்றைக்குக் கடலில் வஞ்சிரம் கிடைக்காவிட்டாலும் உங்கள் இலையில் வஞ்சிரம் இருக்கும். அது எங்கிருந்து வரும்? நாலைந்து நாள் முன்பு எங்கோ பிடித்து, ஐஸ் பெட்டியில் ஏறி, லாரியில் வந்த மீன்தான் அது. பட்டணத்திலேயே கிடைக்கிற மீனைத் தின்ன இவ்வளவு தூரம் போவானேன்?

மே மாதத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்க விடும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது! என் உறவில் ஒரு குடும்பம் சரியாக அந்த மாதத்தில் போய், பெரிய மீன்தான் வேண்டும் என்று கேட்டு, அதிக விலை கொடுத்து, சக்கை போன்ற மீனைத் தின்றுவிட்டு வந்தது. அதற்காக மே மாதம் போகவே கூடாது என்று சொல்லவில்லை. தடை விசைப்படகுகளுக்குத்தான். சிறு படகுகளும் கழியில் வலை வீசுகிறவர்களும் தொழில் செய்துகொண்டுதான் இருப்பார்கள். மடவை, கொடுவா, கழி நண்டு, இறால் எல்லாம் அப்போதும் வரும். அந்தப் பகுதி இருளர் மக்கள் சேற்றுக் கழியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிப்பவர்கள். வந்ததைத் தின்பேன் என்று போகிறவருக்கு மே மாதமும் நல்ல மாதமே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

அப்படியானால் எதை முடிவு செய்துகொண்டு போவது? இரண்டே இரண்டு. ஒன்று, விடியும்போது கரையில் நிற்பது. மற்றொன்று, சமைத்துத் தர ஒருவரை முதல் நாளே கேட்டு வைப்பது.

அந்தப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் என்று வைப்போம். முதல் நாள் இரவு சிதம்பரத்தில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து பிச்சாவரம் சுமார் 15 கிலோமீட்டர்தான். கிள்ளைப் பக்கம் வீட்டுச் சமையல் போலச் சாப்பாடு போடுகிற சிறு கடை ஒன்றை விசாரித்து, 'பன்னிரண்டு பேர், மீன் நாங்களே வாங்கி வருகிறோம், சமையல் கூலி எவ்வளவு அக்கா?' என்று மட்டும் கேளுங்கள். காலை ஆறு மணிக்குக் கிள்ளையைத் தாண்டி முடசல்ஓடைக்குப் போய்விடுங்கள். இரவில் வலை போட்ட ஃபைபர் படகுகள் கரைக்கு வரும் நேரம் அது. ஏலம் நடக்கும் இடத்தில் ஓரமாக நின்று வேடிக்கை பாருங்கள். நடுவில் புகுந்து விலை கேட்கவோ, முகத்துக்கு நேரே கேமராவை நீட்டவோ வேண்டாம். அது அவர்கள் பிழைப்பு. ஏலம் முடிந்ததும் மீனைக் கூடையில் எடுத்து வருகிற பெண்களிடம் வாங்குங்கள்.

எவ்வளவு வாங்குவது? குழம்புக்கு ஆளுக்குக் கால் கிலோ முழு மீன், ஆக மூன்று கிலோ. தலை, செதில், குடல் போனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வறுவலுக்கு இறால் இரண்டு கிலோ. உரித்தால் பாதிதான் மிஞ்சும். மீன் கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் குழி நிற்கக் கூடாது. நண்டு வாங்கினால் அடிவயிற்று ஓட்டை அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் அண்மையில் ஓடு மாற்றிய நண்டு. உள்ளே தண்ணீர்தான் இருக்கும். பெயர் தெரியாத மீன் மலிவாகக் கிடைத்தால் தயங்காதீர்கள். 'இது குழம்புக்கா, வறுக்கவா?' என்று விற்கிற அம்மாவிடமே கேளுங்கள். அந்தப் பாடத்தில் அவர்தான் ஆசிரியர்.

மீனைச் சமைக்கக் கொடுத்துவிட்டு, பிச்சாவரம் படகுத்துறை திறக்கும்போதே போய்விடுங்கள். மதியம் என்றால் வெயிலும் கடல் காற்றும் கூடிவிடும். துடுப்புப் படகே கேளுங்கள். மோட்டார் படகு அகன்ற கால்வாயில் வேகமாகப் போய்த் திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் சுரபுன்னை வேர்கள் வளைந்து நிற்கும் குறுகிய ஓடைக்குள் நுழையும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரத்தையும் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதன் இலையைப் பறிக்கக் கூடாது. பால் கண்ணில் பட்டால் ஆபத்து. எந்த ஓடைக்குள் போவது என்பதைப் படகோட்டியிடமே விட்டுவிடுங்கள். ஓதம் ஏறுவதும் வற்றுவதும் தினம் முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே போகும். நேற்று படகு போன ஓடையில் இன்று அதே நேரத்தில் அடி தட்டலாம். இதை எந்த அட்டவணையில் எழுதுவீர்கள்?

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். யாராவது 'ஐந்நூறு கொடுங்க சார், மீன்பிடிப் படகிலேயே கடலுக்குள்ள கூட்டிட்டுப் போறேன்' என்று கூப்பிட்டால் போகாதீர்கள். அது ஆட்களை ஏற்றும் படகு இல்லை. பிடித்துக்கொள்ளக் கம்பியும் கிடையாது, எல்லோருக்கும் மிதவை உடையும் இருக்காது. கழி கடலில் சேரும் முகத்துவாரத்தில், மணல் திட்டின் மேல் அலை திடீரென்று உடையும். தொழில் தெரிந்தவர்களே அந்த இடத்தை எச்சரிக்கையாகத்தான் கடப்பார்கள். குழந்தைகளோடு போகிற நமக்குக் கழி போதும்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பினால் சாப்பாடு தயாராக இருக்கும். அதற்குப் பிறகு எதுவும் எழுதி வைக்காதீர்கள். சிதம்பரம் கோயில் நடை மாலையில்தான் மறுபடி திறக்கும். அதுவரை பரங்கிப்பேட்டைக்குப் போய் வெள்ளாறு கடலில் சேர்வதைப் பார்க்கலாம், அல்லது மர நிழலில் ஒரு தூக்கம் போடலாம். அன்றைக்கு வலையில் மத்தி மட்டும்தான் விழுந்தது என்றால், மத்திக் குழம்பு சாப்பிடுங்கள். அந்த ஊர் வீடுகளிலும் அன்று அதுதான் கொதிக்கும்.

போய் வந்ததும் என்ன மீன் கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் படம் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்