பெயரை அடித்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா?

2019-ல் புது எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் வந்த பிறகு, நோயாளியிடம் பேசத் தெரிவதும் பாடத்தில் ஒரு பகுதி. அதைச் சொல்லிக்கொடுக்க நடிப்பு நோயாளி வேண்டும், அவருக்கு ஒரு வசனப் பிரதி வேண்டும். பிரதிக்குக் கதை எங்கிருந்து வரும்? வார்டில் இருந்துதான். பழைய கேஸ் ஷீட் ஒன்றை எடுத்து, பெயரையும் முகவரியையும் கறுப்பு மையால் அடித்து, ஜெராக்ஸ் போட்டு "அடையாளம் நீக்கியாச்சு" என்கிறார்கள். இது சுத்தப் பொய். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பொய், அவ்வளவுதான்.

தாம்பரம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கி, 1937-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்ட காசநோய் மருத்துவமனை இங்கே இருக்கிறது. ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம். இந்த ஊரில் "சானடோரியம் போய்ட்டு வர்றாரு" என்று யாராவது சொன்னால், அதற்கு மேல் தெருவுக்கு விளக்கம் தேவையில்லை! இங்கே காசநோய்க் கதை ஒன்றைப் பிரதியாக்கினால், அதைப் படிக்கிற மாணவர்களில் சிலர் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் வீடு உள்ளவர்கள்தான். நோயாளியும் அதே தெருவாக இருக்கலாம் இல்லையா?

ஒரு ஆளைக் கற்பனை செய்து பார்ப்போம். வயது 46. சின்ன வயதில் பல்லாவரம் பக்கம் கல் குவாரியில் வேலை. மனைவி ஸ்டேஷன் வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். வீட்டில் 4 வயதுப் பேத்தி. பொங்கலுக்குக் காசநோய் மாத்திரை ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, மாத்திரையையும் நிறுத்திவிட்டார் (ஆறு மாதம் சாப்பிட வேண்டியது). எட்டு மாதம் கழித்து இருமல் திரும்பி வந்தது. இதில் பெயரை மட்டும் அடித்துப் பாருங்கள். "ஸ்டேஷன் வாசல் இட்லிக் கடை அக்கா வீட்டுக்காரர்" என்று மூன்றாம் வரியிலேயே தெரிந்துவிடும். பெயர் ஒன்றும் பெரிய அடையாளமே இல்லை. சாதாரணத் தகவல்கள் நான்கு ஒன்றாகச் சேர்வதுதான் அடையாளம்.

"அப்படியானால் எல்லாவற்றையும் நீக்கிவிடலாமே" என்று இன்னொரு கோஷ்டி கிளம்புகிறது. இது முதலாவதைவிட மோசம். தொழிலை நீக்கினால் கல் தூசி போய்விடும். கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும், கெட்ட நுரையீரலில் காசநோய் சுலபமாகப் பிடிக்கும். "என்ன வேலை பார்த்தீங்க?" என்று மாணவர் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கதையையே தேர்ந்தெடுத்தார்கள். குழந்தையை நீக்கினால், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பரிசோதனையும் தடுப்பு மருந்தும் வேண்டும் என்ற பாடம் போச்சு. மிச்சம் இருப்பது "ஒருவருக்கு இருமல்". இதற்கு ஒரு பிரதி எதற்கு?

நீக்கக் கூடாது, மாற்ற வேண்டும். எது பாடத்தைத் தாங்குகிறதோ அதற்கு அதே வேலையைச் செய்யும் வேறொன்றை வைக்க வேண்டும். கல் குவாரிக்குப் பதில் வேறு ஊரில் கிரானைட் அறுக்கும் பட்டறை. அங்கேயும் அதே தூசிதான். பேத்தியை 3 வயதுப் பேரனாக்கலாம், 7 வயதாக்கக் கூடாது. 46 வயதை 43 ஆக்கலாம், 20 ஆக்கினால் தூசி சேர்ந்த வருடங்கள் கணக்கில் வராது. பாடத்துக்கு வேலை இல்லாத இட்லிக் கடையைத் தயங்காமல் தூக்கிவிடலாம்.

தேதிகளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காமர்ஸ் பசங்களுக்கு இது சட்டென்று புரியும்: ஒரு பக்கம் பற்று மாறினால் மறுபக்கம் வரவும் மாற வேண்டும், இல்லாவிட்டால் இருப்புச் சோதனை இடிக்கும். எல்லாத் தேதியையும் ஒரே அளவு, சுமார் 200 நாள் தள்ளினால், பொங்கல் ஆடிப்பெருக்கு ஆகும். மாத்திரையை விட்டது ஆயுத பூஜை சமயம். இருமல் திரும்பியது பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில். இடைவெளிகள் அப்படியே நிற்கின்றன. நோயாளி "பொங்கலுக்கு" என்று சொல்கிற ஒரே ஒரு வரியைத் திருத்த மறந்தால் போதும், மொத்தக் கணக்கும் உளறும். (டெங்கு மாதிரி மழைக்காலத்து நோயில் நாள் கணக்கில் தள்ளக் கூடாது, முழு வருடமாகத் தள்ள வேண்டும்.)

எக்ஸ்ரேயை யாரும் நினைப்பதே இல்லை. பிலிம் ஓரத்தில் பெயர் அச்சாகியிருக்கும். கம்ப்யூட்டர் பைல் என்றால், மேலே தெரியும் எழுத்தை அழித்தாலும் பைலுக்குள்ளே `PatientName` என்ற இடத்தில் பெயர் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். நிக்ஷய் எண்ணும் கேஸ் ஷீட்டில் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும்.

அடுத்து வசனம். கேஸ் ஷீட்டில் எல்லா உண்மையும் வரிசையாக இருக்கிறது என்பதால், எழுதுகிறவர் அதை அப்படியே நடிகர் வாயில் போட்டுவிடுகிறார். "எனக்கு நான்கு வாரங்களாக இருமல், மாலை நேரக் காய்ச்சல், எடை குறைவு, முன்பு சிகிச்சையை இடையில் நிறுத்திவிட்டேன்." எந்த நோயாளி ஐயா இப்படிப் பேசுகிறார்? டாக்டர் நாலு நாள் தோண்டி எடுத்த கதையை முதல் நிமிடத்திலேயே கொட்டிவிட்டால் மாணவருக்கு என்ன வேலை?

நிஜத்தில் முதல் வரி இவ்வளவுதான்: "இருமல் சார், ஒரு மாசமா விடல." காய்ச்சலைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ராத்திரில சட்டை நனைஞ்சுடுது சார்." முன்பு மாத்திரை சாப்பிட்டீர்களா என்று முதல் தடவை கேட்டால் "இல்ல சார்." பாதியில் விட்டதைச் சொல்ல அவருக்கு வெட்கம். மாணவர் அதட்டாமல், "ஒண்ணுக்கு சிவப்பா போற மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று மறுபடி கேட்டால்தான் கதவு திறக்க வேண்டும்: "...ஆமா சார். ரெண்டு மாசம். இருமல் நின்னுடுச்சு, விட்டுட்டேன்." ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக்கும், நோயாளிக்கு மாத்திரையின் பெயர் மறந்தாலும் அது மறக்காது. இந்த ஒரு பதிலில்தான் கேஸே இருக்கிறது. பாதியில் விட்டவருக்கு மருந்துக்கு அடங்காத கிருமியா என்று சளியில் சோதிக்க வேண்டும். இந்தப் பதில் வராவிட்டால் அந்தச் சந்தேகம் மாணவருக்கு வராமலே போகலாம்.

பிரதியில் இல்லாத கேள்விக்கு என்ன பதில்? "கவனிக்கல சார்." அவ்வளவுதான். நடிகர் ஆர்வத்தில் "சளில ரத்தம் வந்துது" என்று அடித்துவிட்டால் அந்த மாணவர் வேறு பாதையில் போவார். அடுத்து வரும் மாணவருக்கு அந்த ரத்தம் இருக்காது. பிறகு இருவருக்கும் ஒரே மதிப்பெண் தாளை வைத்து எப்படித் திருத்துவது?

"மாற்றி எழுதினால் உண்மைக் கேஸ் ஆகாதே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1963-ல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் இந்த முறையைத் தொடங்கியபோது நோயாளியாக நடித்தது ஓவியர்களுக்கு மாடலாக நின்ற ஒரு பெண். அவருக்கு அந்த நோயே இல்லை. மாணவர் கேட்கிறாரா, சரியாகக் கேட்கிறாரா என்பதில்தான் உண்மை இருக்க வேண்டும். அதற்கு யாரோ ஒருவர் வீட்டு வாசல் தேவையில்லை.

எழுதி முடித்ததும் ஒன்று செய்யலாம். அதே வார்டில் வேலை பார்த்த நர்ஸ் ஒருவரிடம், எதுவும் சொல்லாமல் பிரதியைக் கொடுக்க வேண்டும். "அட, இது ஆறாம் பெட்காரர்தானே?" என்று அவர் கேட்டால், எந்த வரியில் தெரிந்தது என்று கேட்டு, அந்த வரியில் இருந்து திரும்ப எழுத வேண்டும். நோயாளியிடம் சம்மதம் கேட்பதையும் யாரும் தடுக்கவில்லை. ஆறு மாதம் மாத்திரை வாங்க வருகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்க நேரமில்லை என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது?