கடைசித் தவணையின் 28 சதம்

என் சித்தியின் மகள் போன மாதம் தன் முதல் காரை வாங்கினாள். கடன் 20,000 டொலர், வருட வட்டி 6 வீதம், 60 மாதத் தவணை. வங்கி கொடுத்த அட்டவணையில் 59 வரிகளில் 386.66 என்று ஒரே தொகை. அறுபதாவது வரியில் மட்டும் சுமார் 28 சதம் குறைவு. அவள் அதைப் படம் எடுத்துக் குடும்ப வட்சப் குழுவில் போட்டுவிட்டாள்.

மாமா ஒருவர் உடனே எழுதினார்: "59 மாசம் கூட எடுத்துப்போட்டுக் கடைசியில சில்லறையைத் திருப்பித் தாறாங்கள். கள்ளர்." வங்கியில் கேட்டதற்கு, அது சிஸ்டம் போடுகிற கணக்கு, தங்களால் மாற்ற முடியாது என்றார்களாம்.

இந்த இரண்டு பதில்களிலும் எனக்குக் கோபம் வந்தது வங்கியின் பதிலில்தான். மாமா சொன்னதில் பாதியாவது உண்மை இருக்கிறது. வங்கி சொன்னதில் விளக்கம் என்று ஒன்றுமே இல்லை.

ஒரு சின்னக் கடனை வைத்துப் பார்ப்போம். 1,000 டொலர், மாத வட்டி 1 வீதம், மூன்று தவணை. மூன்றும் சமமாக இருந்து, கடன் சரியாகப் பூச்சியமாக வேண்டுமென்றால், ஒவ்வொரு தவணையும் 340.0221... டொலராக இருக்க வேண்டும். புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் நீண்டுகொண்டே போகும். ஆனால் சதத்துக்குக் கீழே நீங்கள் கட்டவும் முடியாது, வங்கி எடுக்கவும் முடியாது. ஆகவே அதை 340.02 என்று வெட்டுகிறார்கள். நீங்கள் பள்ளியில் ரவுண்டிங் என்று படித்ததும் இலங்கைப் பாடப்புத்தகம் மட்டந்தட்டல் என்று சொல்வதும் இதைத்தான்.

முதல் மாத வட்டி 10.00. கட்டியது 340.02. முதலில் 330.02 கழிந்து, மீதி 669.98. இரண்டாம் மாத வட்டி 6.6998 வருகிறது, அதை 6.70 என்று எடுக்கிறோம். மீண்டும் 340.02 கட்டினால் மீதி 336.66. மூன்றாம் மாத வட்டி 3.3666, அதாவது 3.37. இப்போது கடனை முடிக்க எவ்வளவு வேண்டும்? 336.66 உடன் 3.37 சேர்த்தால் 340.03. ஒரு சதம் கூட.

அந்த ஒரு சதத்தை யாரும் களவெடுக்கவில்லை. முதல் இரண்டு மாதமும் நீங்கள் கட்டவேண்டியதைவிடத் துளி குறைவாகக் கட்டினீர்கள். அந்தத் துளிகளும் இடையில் வட்டியை வெட்டியபோது வந்த துளிகளும் எங்கும் காணாமல் போகவில்லை, மீதியில் சேர்ந்து நின்றன. அவற்றைக் கணக்குத் தீர்க்க அட்டவணையில் ஒரே ஒரு இடம்தான் உண்டு. அது கடைசி வரி. அங்கே மட்டும் விதி வேறு: சமமான தொகை என்பதை மறந்துவிட்டு, மீதியையும் அந்த மாத வட்டியையும் கூட்டிக் கட்ட வேண்டும்.

இதே கடனில் தவணையை மேல்நோக்கி 340.03 என்று வைத்துப் பாருங்கள். கடைசித் தவணை 340.01 ஆக இறங்கும். இரண்டு முறையிலும் நீங்கள் கட்டும் மொத்த வட்டி 20.07 தான். கீழே வெட்டினால் கடைசியில் பெரும்பாலும் கூடும், மேலே ஏற்றினால் குறையும்.

இனி மாமாவின் பாதி உண்மைக்கு வருவோம். தங்கச்சியின் காருக்குச் சரியான தவணை 386.656. வங்கி அதை 386.66 ஆக்கியதால் மாதம் ஏறத்தாழ 0.4 சதம் கூடவே எடுத்தது. 60 மாதத்துக்கு அது 24 சதம். ஆனால் அவளுக்குத் திரும்பி வருவது 28 சதம் அல்லவா? அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது? கூடக் கட்டிய ஒவ்வொரு துளியும் அன்றைக்கே முதலைக் குறைத்தது. குறைந்த முதலுக்கு அடுத்த மாத வட்டியும் குறைந்தது. அப்படி மிச்சமான வட்டிதான் அந்த 4 சதம். வட்டியோடு திருப்பிக் கொடுக்கிற கள்ளனை நான் இன்னும் கண்டதில்லை, மாமா.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறுபடாத அட்டவணைக்கு. இதை என் தொழிலில் இருந்தே சொல்கிறேன். கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் மென்பொருள் வேலையில், "கடைசி வரி வேறாக இருந்தால் வாடிக்கையாளர் குழம்புவார், அதையும் சமமாக்குங்கள்" என்று கேட்டார்கள். செய்வதற்கு இரண்டே வழிதான் இருந்தது. மேலே சொன்ன கணக்கில் கடைசி மாத வட்டியை 3.37 க்குப் பதிலாக 3.36 என்று பொய்யாக எழுதலாம். அல்லது 340.02 ஐ மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு சதத்தை மீதியில் விடலாம். இரண்டாவது வழியைச் சோதித்துப் பார்த்தோம். கட்டி முடித்த கடன்கள் ஒரு சத மீதியோடு மூடப்படாமல் கிடந்தன. அடுத்த மாதம் அந்த ஒரு சதத்துக்குத் தாமதக் கட்டணம் போட மென்பொருள் ஆயத்தமாக நின்றது. வாடிக்கையாளரைக் குழப்பக்கூடாது என்று தொடங்கிய வேலை அது.

எல்லா அட்டவணையும் வேறுபட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வட்டியில்லாமல் 1,200 டொலரைப் 12 மாதத்துக்குப் பிரித்தால் எல்லாம் சமம்தான். சில வேளை துளிகள் ஒன்றையொன்று ஈடுசெய்வதும் உண்டு. ஆனால் வட்டியுள்ள கடனில் கடைசி வரியும் சமமாக இருந்தால், கடைசிக்கு முந்திய மீதியையும் கடைசி வட்டியையும் நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அதேபோல எந்த வித்தியாசத்தையும் ரவுண்டிங் என்று சொல்லித் தப்பவும் விடாதீர்கள். அதற்கு ஒரு எல்லை உண்டு. கிட்டிய சதத்துக்கு வெட்டும்போது தவணையில் மாதம் அரைச் சதத்துக்கு மேல் பிசகாது, வட்டியிலும் அப்படியே. இரண்டும் சேர்ந்து மாதம் ஒரு சதம், 60 மாதத்துக்கு 60 சதம், அதன் மேல் வளரும் வட்டியையும் சேர்த்தால் 6 வீதக் கடனில் சுமார் 70 சதம். துளிகள் எல்லாம் ஒரே பக்கம் விழுந்தாலும் அவ்வளவுதான். தங்கச்சியின் 28 சதம் அதற்குள் அடங்குகிறது. அதுவே 12 டொலராக இருந்திருந்தால் மாமாவோடு சேர்ந்து நானும் வங்கிக்குப் போயிருப்பேன். தவணையை முழு டொலருக்கு வெட்டினார்களா, நாள் கணக்கில் வட்டி போட்டார்களா, கட்டணம் ஏதும் சேர்த்தார்களா என்று கேட்டிருப்பேன். அவையெல்லாம் வேறு காரணங்கள், அவற்றுக்கு வேறு பதில் வேண்டும்.

தங்கச்சிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: தானாகக் கட்டும் ஒழுங்கை 59 மாதத்துக்கு மட்டும் போடு. அறுபதாவது மாதம் மீதி எவ்வளவு என்று கேட்டு, அதைக் கட்டி, கணக்கு 0.00 என்று எழுத்தில் வாங்கு. சிஸ்டம் போடுகிற கணக்கு என்று மறுபடியும் சொன்னால், அந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொல்லு.