பிறக்கும்போதே பல்... பிடுங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: என் பேத்தி பிறந்து 18 நாள்கள் ஆகின்றன. பிறக்கும்போதே கீழ் ஈறின் முன்பக்கத்தில் ஒரு பல் இருந்தது. லேசாக ஆடுகிறது. முதல் பத்து நாள் நன்றாகத்தான் பால் குடித்தாள். இப்போது நாலைந்து நாளாக மார்பில் வாய் வைத்ததுமே வீறிட்டு அழுகிறாள். நாக்குக்கு அடியில் வெள்ளையாக ஒரு புண் தெரிகிறது. பிறந்தபோது எடை 2.8 கிலோ, 12-ம் நாள் 2.82, இன்று 2.85. 'பல்லோடு பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது, நூல் கட்டி இழுத்துவிடு' என்கிறார்கள் உறவினர்கள். மகள் பயந்துபோயிருக்கிறாள். பிடுங்கிவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நூல் கட்டுவதை முதலில் மறந்துவிடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். தாய்மாமனுக்கும் இந்தப் பல்லுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிரான்ஸ் மன்னர் 14-ம் லூயிகூட 1638-ல் பல்லோடுதான் பிறந்தார். சில ஆயிரம் குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு இப்படி நடக்கும் என்பது பல் மருத்துவப் பாடநூல்கள் சொல்லும் கணக்கு. பிறக்கும்போதே இருந்தால் 'பிறவிப் பல்' என்றும், பிறந்து 30 நாள்களுக்குள் முளைத்தால் 'பச்சிளம் பருவப் பல்' என்றும் பிரித்துச் சொல்வோம். உங்கள் பேத்திக்கு இருப்பது முதல் வகை. இரண்டுக்கும் கவனிப்பு ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம்?

குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாடைக்குள் பால் பற்களின் முளைகள் உருவாகிவிடும். சாதாரணமாக அவை எலும்புக்குள் ஆழமாக அமர்ந்திருந்து, 6 முதல் 10 மாதங்களுக்குள் கீழ் முன்பற்களாக முதலில் எட்டிப்பார்க்கும். சில குழந்தைகளுக்கு அந்த முளை ஈறுக்கு மிக அருகிலேயே அமைந்துவிடுகிறது. அதனால் வேர் வளர்வதற்கு முன்பே பல்லின் தலை மட்டும் வெளியே வந்துவிடுகிறது. பல் ஆடுவதற்கும் இதுதான் காரணம்: பிடித்துக்கொள்ள வேர் இல்லை, ஈறுதான் அதைத் தாங்குகிறது. மேலே இருக்கும் எனாமலும் முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. அதனால்தான் இந்தப் பற்கள் சிறியதாக, மஞ்சளோ பழுப்போ கலந்த நிறத்தில் இருக்கும்.

சில குடும்பங்களில் இது வழிவழியாக வருவதுண்டு. உங்கள் வீட்டிலோ சம்பந்தி வீட்டிலோ யாருக்காவது இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் இது வேறொரு பிறவிக் கோளாறின் ஓர் அடையாளமாக இருக்கும். அப்போது அன்னப்பிளவு, கூடுதல் விரல், நகங்களில் மாற்றம் போன்றவையும் சேர்ந்தே தெரியும். குழந்தைநல மருத்துவர் இவற்றை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

இன்னொரு விஷயம். ஈறில் தெரியும் வெள்ளை மணிகள் எல்லாமே பல் அல்ல. கடுகளவு, உருண்டையாக, வழவழப்பாக இருந்தால் அவை ஈறு முத்துகள். தானாகவே மறைந்துவிடும். பல் என்றால் விளிம்பு கூர்மையாக இருக்கும். விரல் நகத்தால் தட்டினால் கடினமாகப் படும்.

தாயைவிட நாக்குக்குத்தான் ஆபத்து

'பல்லோடு இருக்கும் குழந்தை அம்மாவைக் கடித்துவிடும்' என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் குழந்தை சரியாக வாய் வைத்துக் குடிக்கும்போது நாக்கு முன்னால் நீண்டு கீழ் ஈறை மூடிக்கொள்ளும். மார்புக்கும் பல்லுக்கும் நடுவில் நாக்கு ஒரு மெத்தைபோல இருக்கும். ஆகவே அம்மாவின் காம்பில் காயம் ஏற்பட்டால், பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் நுனியில் பிடித்துக் குடிக்கிறது என்று அர்த்தம். கருவட்டமும் சேர்த்து வாய்க்குள் போகும்படி பிடிக்க வைத்தால் அது குறையும்.

ஆனால் அந்த மெத்தைக்கு அடி விழுகிறது. ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை பால் குடிக்கும்போதெல்லாம் நாக்கின் அடிப்பக்கம் கூரான பல் விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கிறது. சில நாள்களில் அங்கே வெள்ளைப் படலத்துடன் புண் வருகிறது. இதை முதலில் விவரித்த இத்தாலிய மருத்துவர்கள் இருவரின் பெயரால் இதற்கு 'ரீகா-ஃபேடே' நோய் என்று பெயர். முதல் பத்து நாள் நன்றாகக் குடித்த குழந்தை இப்போது வாய் வைத்ததும் அழுவதற்கு இந்தப் புண்தான் காரணமாக இருக்க வேண்டும். பசி இருக்கிறது, குடித்தால் வலிக்கிறது.

நீங்கள் எழுதிய எடைக் கணக்கு அதை உறுதிப்படுத்துகிறது. பிறந்த முதல் சில நாள்களில் எடை சற்றுக் குறைந்து, 10 முதல் 14 நாள்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். 12-ம் நாளிலேயே 2.82 வந்துவிட்டதால் அதுவரை குறையில்லை. அதன்பின் தினமும் 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். ஆறு நாளுக்கு 120 கிராமுக்குக் குறையக் கூடாது. ஆனால் கூடியிருப்பது 30 கிராம்தான். உடனடி ஆபத்து என்று பதற வேண்டாம், ஆனால் இந்தப் பல்லை 'போகட்டும்' என்று விட்டு வைக்கவும் முடியாது. நாளையோ மறுநாளோ குழந்தைநல மருத்துவரையும் குழந்தைகள் பல் மருத்துவரையும் பாருங்கள். 24 மணி நேரத்தில் ஆறு முறைக்கும் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, பால் குடிக்க எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.

அதுவரை, மார்பில் வாய் வைக்க மறுக்கும்போது தாய்ப்பாலைக் கையால் பீய்ச்சி எடுத்து, பாலாடையில் மெல்லப் புகட்டச் சொல்லுங்கள். குழந்தைக்கு வயிறும் நிறையும், நாக்குக்கும் ஓய்வு கிடைக்கும், உங்கள் மகளுக்குப் பால் சுரப்பதும் குறையாது. புண்ணில் தேன் தடவ வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது. கடைகளில் விற்கும் மரத்துப்போகச் செய்யும் ஈறு ஜெல்லும் வேண்டாம். அவற்றில் சிலவற்றில் உள்ள பென்சோகைன், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனையே கெடுத்துவிடக்கூடியது.

பிடுங்குவதா, வைத்திருப்பதா?

மருத்துவர் முதலில் பார்ப்பது பல் எவ்வளவு ஆடுகிறது என்பதைத்தான். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் முன்னும் பின்னும் ஊசலாடினால் எடுத்துவிடுவதே நல்லது. கழன்று விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமோ என்ற அச்சம்தான் காரணம். அப்படி நடப்பது மிக மிக அரிது. என்றாலும் நிற்கப்போவதில்லை என்று தெரிந்த ஒரு பல்லுக்காக அந்த அபாயத்தை ஏற்க வேண்டியதில்லை.

நீங்கள் எழுதியபடி லேசாக மட்டும் ஆடினால், அடுத்த கேள்வி இது பால் பல்லா, உபரிப் பல்லா என்பது. சிறிய எக்ஸ்-ரே ஒன்றில் தெரிந்துவிடும். பத்தில் ஒன்பதுக்கும் மேல் பால் பல்லேதான். சீக்கிரம் வந்துவிட்டது, அவ்வளவே. உபரி என்று உறுதியானால் எடுத்துவிடலாம், இழப்பு ஒன்றுமில்லை. பால் பல் என்றால் காப்பாற்றத்தான் முயல்வோம். இதை எடுத்துவிட்டால் அதே இடத்தில் இன்னொரு பால் பல் வராது. 6, 7 வயதில் நிரந்தரப் பல் முளைக்கும் வரை அங்கே இடைவெளிதான்.

காப்பாற்றும் வழி எளியது. பல்லின் கூரான விளிம்பை மட்டும் லேசாகத் தேய்த்து மழுக்கிவிடுவார்கள். ஊசி தேவையில்லை, சில நிமிட வேலை. எனாமல் மெல்லியது என்பதால் அதிகம் தேய்க்க முடியாது. அது போதவில்லை என்றால் பல் நிறத்துச் சிமென்ட் போன்ற ரெசினை மேலே உருண்டையாகப் பூசுவார்கள். வாய் ஈரமாக இருப்பதால் சில குழந்தைகளுக்கு அது ஒட்டி நிற்காமல் உதிர்ந்துவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். விளிம்பை மழுக்கியபின் ஒன்றிரண்டு வாரத்தில் புண் ஆறி, எடை தினமும் 20 கிராமுக்குக் குறையாமல் கூடினால் பல் இருந்துவிட்டுப் போகட்டும். புண் ஆறவில்லை, எடையும் ஏறவில்லை என்றால் பால் பல்லாகவே இருந்தாலும் எடுத்துவிடுவதுதான் சரி. ஒரு பல்லைவிட வளர்ச்சி முக்கியம்.

எடுக்க நேர்ந்தால்...

இங்கேதான் நூல் ஏன் கூடாது என்பது வருகிறது. ரத்தம் உறைய வைட்டமின் கே தேவை. பிறந்த குழந்தையின் உடலில் அது மிகக் குறைவு. குடலில் நல்ல பாக்டீரியாக்கள் குடியேறிய பிறகே அது உருவாகத் தொடங்கும். அதனால்தான் பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி போடுகிறார்கள். பிறந்து பத்து நாள் ஆகும்வரை இந்தப் பல்லை எடுக்காமல் தள்ளிப்போடுவதும் இதனால்தான். உங்கள் பேத்திக்கு 18 நாள் ஆகிவிட்டது. ஆனாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த ஊசி போட்டதாகக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து, சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். மஞ்சள் காமாலை இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காத கோளாறு இருந்தாலோ அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டில் நூல் கட்டி இழுத்து, ரத்தம் நிற்காமல் போனால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

மருத்துவர் எடுக்கும்போது பல்லுக்குப் பின்னால் ஒரு துணித் திரியை வைத்துக்கொள்வார், பல் தொண்டைக்குள் நழுவாமல் இருக்க. ஈறை மரத்துப்போகச் செய்து பல்லை எடுத்தபின், அந்தக் குழியை மெல்லச் சுரண்டிச் சுத்தம் செய்வார். உள்ளே பல் திசு மிச்சமிருந்தால் அது மீண்டும் வளர்ந்து, தலையில்லாத வேர்த்துண்டாக முளைக்கும். நூலில் இழுப்பவர்களால் இதையும் செய்ய முடியாது. சில நிமிடம் துணியால் அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். அதன்பின் தாய்ப்பால் கொடுக்கலாம்.

பல் நிலைத்துவிட்டால், நாளடைவில் வேர் வளர்ந்து ஆட்டம் குறையும். நாலு மாதத்தைத் தாண்டிவிட்ட பல் பெரும்பாலும் நின்றுவிடும். எனாமல் பலவீனமானது என்பதால் சொத்தை எளிதில் வரும். தினமும் இருவேளை, கொதிக்கவைத்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான துணியால் பல்லையும் ஈறையும் துடைத்துவிடுங்கள். துடைக்கும்போது ஆட்டம் கூடியிருக்கிறதா, நாக்கடியில் மீண்டும் வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டில் எது தெரிந்தாலும் மறுபடி காட்டுங்கள்.