திரைஞ்ச பாலைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா?



பால் திரைஞ்சு போனால் நம்ம வீடுகளில் இரண்டு பேச்சு வரும். ஒன்று, "கொட்டிருங்க." மற்றது, "வீணாக்காதீங்க, நல்லாக் கொதிக்க வெச்சா ஒண்டும் செய்யாது." இரண்டாவது பேச்சுத்தான் ஆபத்து. வீண்விரயம் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கொதிக்க வைப்பது எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல.

2000ஆம் ஆண்டு ஜப்பானில் ஸ்னோ பிராண்ட் என்ற பெரிய கம்பனியின் பாலைக் குடித்து 13,000க்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றோட்டத்தில் விழுந்தார்கள். அந்தக் கம்பனியின் ஹொக்கைடோ தொழிற்சாலையில் சில மணி நேரம் கரண்ட் போய், பால் சூடாகவே தேங்கி நின்றிருக்கிறது. அதற்குள் ஸ்டெஃபைலோகொக்கஸ் என்ற கிருமி பெருகி, பாலில் நஞ்சைக் கக்கிவிட்டது. பிறகு அந்தப் பாலைச் சூடாக்கிப் பால்மாவாக்கினார்கள். கிருமி செத்தது, நஞ்சு சாகவில்லை. அந்தப் பால்மா சேர்த்த பாலைக் குடித்தவர்கள்தான் நோயாளியானார்கள்.

அந்தக் கிருமி நம் கையிலும் மூக்கிலும் சாதாரணமாக இருப்பது. 2022இல் ஒரு நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த நமக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை.

அதனால் பால் எவ்வளவு புளித்தது என்று பார்ப்பதற்கு முன், எப்படிப் புளித்தது என்று கேளுங்கள்.

நாம் புளிக்க வைத்தது வேறு. காய்ச்சி ஆறிய பாலில் தயிர் உறை ஊற்றினால், நல்ல கிருமி கூட்டமாக இறங்கிச் சீக்கிரம் புளிப்பாக்கிவிடும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமி வளர்வது கஷ்டம். தானாகப் புளித்த பாலில் முதலில் எது வளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. காய்ச்சாத பச்சைப்பால் தானாகப் புளித்திருந்தால் அதைப் பாவிக்கவே வேண்டாம்.

ஒரு உதாரணம். காலையில் ஒரு லீற்றர் பால் காய்ச்சி, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைக்கிறீர்கள். மறுநாள் தேத்தண்ணிக்குச் சூடாக்கும்போது திரைகிறது. இடையில் வெளியே வைக்கவில்லை. மணம் தயிர் மாதிரிச் சுத்தமான புளிப்பு. இதை அப்போதே வடித்து, திரளைச் சீனியும் ஏலக்காயும் போட்டுக் கிளறிச் சாப்பிடலாம், தண்ணியை ரொட்டி மாவுக்கு ஊற்றலாம். அதே பால் சமையலறை மேசையில் மத்தியானம் வரை இருந்து திரைந்தால், மணம் நல்லா இருந்தாலும் கொட்டுங்கள். நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. வெளியே இரண்டு மணி நேரம்தான் கணக்கு, கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரம். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் வரை குளிர் தாங்கும்.

கசப்பு, இழுபடும் வழுவழுப்பு, நுரை, உப்பிய பக்கெற், அழுகல் மணம், இதில் ஒன்று இருந்தாலும் பால் போச்சு. ஃப்ரிட்ஜில் நாட்கணக்கில் கிடந்த பால் புளிக்காமலே கசந்து கெடும். ஆகவே "புளிக்கல்லையே" என்பது சாட்சி ஆகாது. தயிரில் பூஞ்சணமோ, இளஞ்சிவப்பு நிறமோ கண்டால் மேலால் வழித்துவிட்டுச் சாப்பிட வேண்டாம், சட்டியோடு கொட்டுங்கள்.

தயிர்த் தண்ணி விசயத்தில் மட்டும் நாம் வீணாகப் பயப்படுகிறோம். எருமைத் தயிர்ச்சட்டியில் மேலே நிற்கும் தெளிந்த மஞ்சள் தண்ணி கெட்டுப்போன அடையாளம் அல்ல. தயிர் நல்லது என்றால் அதுவும் நல்லது. ஒரு லீற்றர் பாலில் இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி விட்டுத் திரைக்கும்போதும் முக்கால் லீற்றர் அளவு தண்ணி மிஞ்சும். ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாளைக்குள் பாவிக்கலாம். ரொட்டி மா குழைக்கத் தண்ணிக்குப் பதில் ஊற்றுங்கள், ரொட்டி மெதுவாக வரும். கோழி இறைச்சியை ஊற வைக்கவும் நல்லது. ஊறிய தண்ணியைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டாம். பாலாணத்தில் மட்டும் ஊற்றிக் கொதிக்க விடாதீர்கள், தேங்காய்ப்பால் திரையும்.

கைக்குழந்தை, கர்ப்பிணி, வயசாளி இருக்கிற வீட்டில் சந்தேகமான பாலுக்கு இரண்டாவது பேச்சே வேண்டாம். ஒரு லீற்றர் பாலின் விலை கூடத்தான். ஆனால் இந்த நஞ்சு உள்ளே போனால் ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். பிள்ளைக்குத் தண்ணி தங்காமல் வாந்தி நிற்காவிட்டால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

பாலை உண்மையில் வீணாக்காமல் இருக்க விரும்பினால், திரைவதற்கு முதல் நாளே காய்ச்சி உறை ஊற்றிவிடுங்கள். மிஞ்சின பாலைக் காப்பாற்றும் நேரம் அதுதான்.